பவுண்டில் விலை, ரூபாயில் சம்பளம்

ஏற்றுமதி செய்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. ரூபாய் எப்படியும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதனால் வெளிநாட்டு நாணயத்தில் விலை சொல்லிவிட்டால் காலம் நம் பக்கம் என்பது அது. கோவையில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கும் எனக்கு இதைக் கேட்காத மாதம் இல்லை. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டதைப் பார்த்த தலைமுறை இது, அப்படி நினைப்பதில் வியப்பும் இல்லை. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் நீளும் ஒரு வேலைக்கு, ஒரே ஒரு விலையை, அதுவும் டாலர் அல்லாத ஒரு நாணயத்தில் சொல்லும்போது இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை ஒரு பவுண்டு ஒப்பந்தத்தில் நெருக்கமாக நின்று பார்த்தேன். அதிலிருந்து இந்த விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாராவது "ரேட் ஏறும், இறங்கும், சராசரியில் சரியாகிவிடும்" என்று சொன்னால் இப்போதும் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

நிறுவனம் நண்பருடையது. எட்டுப் பேர் வேலை பார்க்கும் இடம். பழைய இயந்திர வரைபடங்களைக் கணினிக்கு ஏற்றி, உதிரிபாகப் பட்டியலோடு முப்பரிமாண மாதிரிகளாகத் தயாரித்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை, பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த தன் காகித வரைபடங்களையெல்லாம் மாற்றித் தரக் கேட்டது. 2015 டிசம்பரில் கொட்டேஷன் போனது. மொத்தம் 60,000 பவுண்டு, ஒரு வருட வேலை. கையெழுத்தானதும் 12,000 முன்பணம், அதன்பிறகு ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் 12,000 வீதம் நான்கு தவணை. அப்போது ஒரு பவுண்டு ஏறக்குறைய 100 ரூபாய். வரவு 60 லட்சம், சம்பளமும் வாடகையும் மென்பொருள் உரிமமும் சேர்ந்து செலவு 50 லட்சம், மிச்சம் 10 லட்சம். கணக்குப் போடவும் எளிது, நம்பவும் எளிது.

கையெழுத்தாகி முன்பணம் வந்தபோது ஜனவரி முடியப் போகிறது. பவுண்டு 97 ஆகியிருந்தது. மூன்று ரூபாய் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நாணய மாற்றின் ஆபத்து பில் போடும் நாளில் தொடங்குவதில்லை, கொட்டேஷன் அனுப்பிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அனுப்பியதற்கும் கையெழுத்துக்கும் நடுவே ஒரு மாதம், வேலைக்கு ஒரு வருடம், ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வர 45 நாள் என்று அது நீண்டுகொண்டே போகிறது. பெரும்பாலானவர்கள் அந்தக் கடைசி 45 நாளைத்தான் ஆபத்தாகப் பார்க்கிறார்கள்.

## இரண்டு கால்கள்

2016 ஜூன் 23 அன்று இங்கிலாந்து வாக்களித்தது. மறுநாள் காலை நம் ஊரில் சந்தை திறக்கும்போது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது என்று முடிவாகியிருந்தது. இரவு 1.50 டாலரைத் தொட்டிருந்த பவுண்டு, சில மணி நேரத்தில் 1.33-க்கும் கீழே போனது. அக்டோபர் 7 அன்று ஆசியச் சந்தை நேரத்தில் சில நிமிடங்களில் 6 சதவீதத்துக்கும் மேல் சரிந்து, பெருமளவு மீண்டது. அந்த மாதம் நம் வங்கியில் பவுண்டு 82 ரூபாய்.

இந்தக் காலம் முழுவதும் டாலர் 66-இலிருந்து 68 ரூபாய்க்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் தினமும் வரும் எண் டாலர்தான் என்பதால், பார்க்கிற எவருக்கும் நாணயச் சந்தை அமைதியாக இருப்பதாகவே தோன்றும். பவுண்டுக்கு ரூபாய் விலையை வங்கி இரண்டு விகிதங்களைப் பெருக்கித்தான் போடுகிறது. அந்த விலை நிற்கும் இரண்டு கால்கள் இவை. ஒன்று, பவுண்டுக்கு எத்தனை டாலர். மற்றொன்று, டாலருக்கு எத்தனை ரூபாய். "ரூபாய் எப்படியும் இறங்கும்" என்ற நம்பிக்கை இரண்டாவது காலைப் பற்றியது மட்டும். முதல் கால் லண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கிற விஷயம், நம் பணவீக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2016-இல் இரண்டாவது கால் அசையாமல் நிற்க, முதல் கால் முறிந்தது. 2017 மார்ச்சில் ரூபாயும் வலுத்து டாலர் 65-க்கு வந்தபோது, பவுண்டு ஏற்றுமதியாளருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கை கொடுக்கவில்லை. யூரோவிலோ யென்னிலோ விலை சொல்கிறவர்களுக்கும் கணக்கு இதேதான்.

தவணைகள் வந்த வரிசையைப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். முன்பணம் 97-இல் 11.64 லட்சம். மே கடைசியில் இரண்டாவது தவணை, 98-இல் 11.76 லட்சம். ஆகஸ்டில் 88-இல் 10.56. அக்டோபரில் 82-இல் 9.84. கடைசித் தவணை டிசம்பரில் வந்திருக்க வேண்டியது. வாடிக்கையாளர் பக்கத்தில் சரிபார்ப்பு இழுத்து, 2017 ஏப்ரலில் 81-இல் 9.72 லட்சமாக வந்தது. கூட்டினால் 53.52 லட்சம். 60 எதிர்பார்த்த இடத்தில் ஆறரை லட்சம் குறைவு.

ரேட்டாகப் பார்த்தால் சராசரியில் சுமார் 11 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் செலவு ரூபாயில் நிலையாக நிற்பதால் அந்த 11 சதவீதம் முழுவதும் லாபத்தின் மேல்தான் விழும். 10 லட்சமாக இருக்க வேண்டியது மூன்றரை லட்சமானது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மார்ஜின் எவ்வளவு சன்னமோ அவ்வளவு பெரிதாக அடி விழும் என்பதால், போட்டிக்காக விலையைக் குறைத்துச் சொல்கிற சின்ன நிறுவனங்களுக்குத்தான் இது மிகவும் வலிக்கும். சராசரியில் சரியாகும் என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. மாதம் நாற்பது சிறு பில் போடுகிறவருக்கு, ஒவ்வொரு மாதமும் புதிய விலை சொல்ல முடிகிறவருக்கு, ஏற்ற இறக்கம் ஓரளவு ஈடாகலாம். ஒரே விலையை ஒரு வருடத்துக்குப் பூட்டிவைத்தவருக்கு ஈடாக எதுவும் இல்லை. அடுத்த வருடம் பவுண்டு ஏறினால் அது அடுத்த ஒப்பந்தத்துக்குத்தான் உதவும்.

## முன்கூட்டியே விற்றிருந்தால்

"ஃபார்வர்ட் போட்டால் செலவாகும்" என்பது ஏற்றுமதியாளர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. இறக்குமதி செய்கிறவர்களுக்கு அது உண்மை. நம்மவர்கள் அதை அப்படியே தங்களுக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். ஃபார்வர்ட் என்பது வரப்போகும் பவுண்டை இன்றே ஒரு விலைக்கு வங்கியிடம் விற்பதாகப் போடும் ஒப்பந்தம். அந்த விலை இன்றைய விலையைவிடப் பொதுவாக அதிகமாகவே இருக்கும். 2016 ஜனவரியில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 6.75 சதவீதம், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் விகிதம் 0.5. இரண்டு நாட்டு வட்டிக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் ஃபார்வர்ட் விலையில் பிரீமியமாக ஏறுகிறது. ஒரு வருடத்துக்குச் சுமார் 6 சதவீதம் என்றால், 97 ரூபாய் பவுண்டுக்கு மாதம் ஏறக்குறைய 50 காசு.

அந்த ஜனவரியில் மீதி நான்கு தவணையையும் அப்படி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். மே மாதத்துக்கு 99, ஆகஸ்டுக்கு 100, அக்டோபருக்கு 101, டிசம்பருக்கு 102 என்று சுமாராக வைத்துக்கொள்ளலாம். வங்கி தன் பங்காகக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதை இங்கே விட்டுவிடுகிறேன். முன்பணத்தோடு சேர்த்தால் மொத்தம் கிட்டத்தட்ட 59.9 லட்சம் வருகிறது. முதலில் எதிர்பார்த்த 60 லட்சம் அப்படியே கைக்கு வந்திருக்கும். "ரூபாய் எப்படியும் இறங்கும்" என்று எல்லோரும் எதிர்பார்க்கிற அந்த இறக்கம் ஏற்கெனவே பிரீமியம் என்ற பெயரில் விலையில் இருக்கிறது, விரும்பினால் இன்றே எடுத்துக்கொள்ளலாம் என்பதை நான் அன்று அந்தத் தாளில்தான் முழுதாகப் பார்த்தேன்.

அப்படியானால் எல்லோரும் ஏன் செய்வதில்லை? ஒரு காரணம், வங்கி இதற்கென்று ஒரு வரம்பு ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் வைப்புத்தொகை கேட்கும். எட்டுப் பேர் நிறுவனத்துக்கு அந்த மேசைவரை போவதே பாடு. இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃபார்வர்டுக்குத் தேதி உண்டு, வேலைக்குத் தேதி தள்ளிப்போகும். டிசம்பரில் பவுண்டு தருவதாகச் சொல்லிவிட்டு, தவணை ஏப்ரலுக்குப் போனால், டிசம்பர் ஒப்பந்தத்தை அன்றைய ரேட்டில் முடித்து வித்தியாசத்தைத் தீர்த்துவிட்டு, ஏப்ரலுக்குப் புதிதாகப் போட வேண்டும். இந்தக் கதையில் டிசம்பரில் பவுண்டு 84 பக்கம் இருந்தது. 102-க்கு விற்றவருக்கு வித்தியாசமாக 18 ரூபாய் வீதம் 2.16 லட்சம் கைக்கு வந்திருக்கும். ஆனால் பவுண்டு 110-க்கு ஏறியிருந்தால் 8 ரூபாய் வீதம் 96,000 ரூபாயை, வாடிக்கையாளர் இன்னும் பணமே தராத நிலையில், அன்றே கட்டியிருக்க வேண்டும். பின்னால் அது பெரும்பாலும் திரும்பி வரும் என்பது உண்மைதான், ஆனால் சம்பள நாள் அதுவரை காத்திருக்காது. அதனால் கட்டங்கள் இழுக்கக்கூடிய வேலையில், தேதி உறுதியாகத் தெரிந்த தவணைகளை மட்டும் முழுதாக விற்பதும், கடைசித் தவணையைப் பாதியோ அதற்கும் குறைவோ விற்பதும் நல்லது என்பது என் கருத்து. பணம் வரும் நாளை ஒரு மாத இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று வைத்துப் போடும் வசதியும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நண்பர் யோசித்தது வேறு வழி. ஆகஸ்ட் தவணை வந்தபோது போனில் கேட்டார். "பவுண்டு மேல வந்துருமுங்க. மாத்தாம அப்படியே வெச்சிருக்கலாமுங்களா?" ஏற்றுமதியாளர்கள் அந்நியச் செலாவணியை அப்படியே வைத்துக்கொள்ள இ.இ.எஃப்.சி. கணக்கு என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரு மாதத்தில் வந்ததை அடுத்த மாதக் கடைசிக்குள், அனுமதிக்கப்பட்ட செலவுக்கோ போட்டுவைத்த ஃபார்வர்டுக்கோ போக மீதியை, ரூபாயாக மாற்றிவிட வேண்டும் என்பது விதி. விதியைத் தள்ளி வைத்தாலும், 88-இல் மாற்றாமல் வைத்திருந்தால் அடுத்த மாதக் கடைசியில் கிடைத்திருப்பது அதைவிடக் குறைவு. வெளிநாட்டு மென்பொருளுக்குப் பவுண்டிலேயே கட்ட வேண்டியிருந்தால் அந்த அளவு வைத்திருப்பது நியாயம். அதற்கு மேல் வைப்பது சம்பளப் பணத்தைச் சந்தையில் வைப்பது.

## இருபது பவுண்டு வரைபடம்

எனக்கு இந்த விஷயம் திரும்பிய இடம் அக்டோபர். நான்காவது தவணை வந்த அதே சமயத்தில் வாடிக்கையாளர் ஒரு நல்ல செய்தி அனுப்பினார். இன்னும் 300 வரைபடங்கள் கிடைத்திருக்கின்றன, அவற்றையும் சேர்த்துச் செய்து தர வேண்டும். ஒப்பந்தத்தின் இணைப்பில் கூடுதல் வேலைக்கு வரைபடம் ஒன்றுக்கு 20 பவுண்டு என்று விலை இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, 6,000 பவுண்டு கூடுதலாக வருகிறதே என்று.

ஒரு வரைபடத்துக்கு ஆகிற செலவு 1,650 ரூபாய். விலை போட்டபோது 20 பவுண்டு என்பது 2,000 ரூபாய். அந்த அக்டோபரில் அது 1,640. அதாவது ஒவ்வொரு வரைபடமும் நஷ்டம். தொகை சிறியது, 300 வரைபடத்துக்கும் சேர்த்து 3,000 ரூபாய்தான். ஆனால் இரண்டு பேர் பல வாரம் உழைத்து, எதுவும் மிஞ்சாமல், வேறு வேலை எடுக்கவும் முடியாமல் போகும். அதுவரை நான் ரேட் இறங்குவதைக் கைவிட்டுப் போன லாபமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்ட பழைய வேலையில் அது அப்படித்தான். ஆனால் தேதியே இல்லாத ஒரு விலைப்பட்டியல் ஒப்பந்தத்துக்குள் உட்கார்ந்திருந்தால், ஆர்டர் பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். மொத்த விலையைவிட அந்தப் பட்டியல்தான் ஆபத்தான பக்கம். அதில் எவ்வளவு வேலை வரும் என்பதற்கு எல்லையும் இல்லை.

நண்பர் எழுதிய முதல் மின்னஞ்சல் வரைவில், பவுண்டு சரிந்ததால் ஒப்பந்தத் தொகையையே உயர்த்தித் தர வேண்டும் என்று இருந்தது. அதை அனுப்ப வேண்டாம் என்றேன். வாடிக்கையாளர் பக்கத்தில் பார்த்தால் அவர் செலவு ஒரு பென்ஸ்கூடக் குறையவில்லை. அவர் பட்ஜெட் பவுண்டில், கட்டுவதும் அதே பவுண்டு. சொல்லப்போனால் இறக்குமதிப் பொருள்களுக்கெல்லாம் அவர் அதிகம் கொடுக்க வேண்டிய நேரம் அது. கையெழுத்துப் போட்ட விலையைத் திறக்கச் சொன்னால், மறுப்பது அவருக்கு எளிது, நியாயமும்கூட. அதனால் பிரித்து எழுதினோம். 60,000 பவுண்டு வேலையில் ஒரு மாற்றமும் இல்லை, சொன்ன விலைக்கே முடிப்போம். புதிய 300 வரைபடம் புதிய வேலை, அதற்கு இன்றைய விலை 24 பவுண்டு, இந்த விலை 30 நாள் செல்லும். கூடவே இந்த வேலைக்கு மட்டும் பணம் 15 நாளில் வேண்டும் என்றும் கேட்டோம்.

அவர்களுடைய கொள்முதல் மேலாளர் போனில் அதிகம் வாதாடவில்லை. 23 பவுண்டு, 15 நாள் என்று முடிந்தது. 82-இல் அது 1,886 ரூபாய். பழைய மார்ஜின் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் வேலை செய்யத் தகுந்த விலையாகிவிட்டது. பழைய விலைக்கு நாம் நிற்கிறோம் என்பதை முதலில் சொன்னதால்தான் புதிய விலையைப் பேச இடம் கிடைத்தது என்று நான் நினைக்கிறேன்.

## மூன்று சதவீதம், பாதிப் பாதி

அடுத்த ஒப்பந்தம் 2017-இன் நடுவில் அதே வாடிக்கையாளரிடமிருந்தே வந்தது. இந்த முறை முன்பணம் 20 சதவீதத்துக்குப் பதில் 35. காத்திருக்கிற தொகை குறைந்தாலே ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். கூடுதல் வேலைக்கான விலைப்பட்டியலுக்கு மூன்று மாத ஆயுள். இதோடு நாணய மாற்றுக்கென்று ஒரு பிரிவு சேர்த்தோம். அடிப்படை ரேட் 83 ரூபாய். தினமும் பொதுவில் வெளியாகும் ரெஃபரன்ஸ் ரேட்டை எடுத்து, பில் தேதிக்கு முந்தைய ஐந்து வேலை நாள்களின் சராசரியைப் பார்ப்பது. மேலேயோ கீழேயோ 3 சதவீதத்துக்குள் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதைத் தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் இருவரும் பாதிப் பாதி ஏற்பது.

இந்த மாதிரிப் பிரிவில் சண்டை வருவது சதவீதத்தால் இல்லை. எந்த நாள், யாருடைய ரேட் என்று எழுதாமல் விடுவதால்தான் வரும். நம் வங்கி நமக்குக் கொடுக்கும் ரேட் எப்போதும் கொஞ்சம் குறைவு, அதை வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியாது. ரெஃபரன்ஸ் ரேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்போது அதை ரிசர்வ் வங்கி வெளியிட்டது, 2018 ஜூலையிலிருந்து எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் வெளியிடுகிறது. ஐந்து நாள் சராசரி வைத்தது அக்டோபர் 7 போன்ற ஒரு நாள் பில்லில் வந்து உட்காரக் கூடாது என்பதற்காக.

2018 ஜனவரி கடைசியில் பவுண்டு 90-ஐத் தொட்டது. 10,000 பவுண்டு பில் அப்போது போக வேண்டியிருந்தது. 83-க்கு 3 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 85.50. அதற்கு மேல் 4.50 ரூபாய், அதில் பாதி 2.25. பத்தாயிரம் பவுண்டுக்கு 22,500 ரூபாய், அதாவது 250 பவுண்டு கழித்து 9,750-க்குப் பில் அனுப்பினோம். நண்பருக்கு அதில் மனசில்லை, கேட்காமலே ஏன் குறைக்க வேண்டும் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏறும்போது நாமாகக் குறைக்காத பிரிவை, இறங்கும்போது வாடிக்கையாளர் மதிக்க மாட்டார். குறைத்த பிறகும் அந்தப் பில்லின் மதிப்பு 90-இல் 8.77 லட்சம், எதிர்பார்த்த 8.30-ஐவிட அதிகம்.

இந்தப் பிரிவு இருக்கும்போது ஃபார்வர்டை முழுத் தொகைக்கும் போடக் கூடாது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும், பலர் இரண்டையும் சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். முழுவதையும் 85-க்கு விற்றுவைத்திருந்தால் பவுண்டு 90-க்கு ஏறியதால் நமக்கு ஒரு பைசாவும் கூடாது. ஆனால் வாடிக்கையாளருக்கு 2.25 ரூபாய் திருப்பித் தர வேண்டியது அப்படியே நிற்கும், கைக்கு வருவது 83-க்கும் கீழே. 3 சதவீதத்துக்கு அப்பால் நம் தலையில் இருப்பது பாதி ஆபத்துதான், அதனால் விற்பதும் ஏறக்குறைய பாதியாக இருக்க வேண்டும். அந்தத் தவணையில் 5,000 பவுண்டு மட்டும் ஃபார்வர்டில் இருந்தது. அந்தப் பாதி ஃபார்வர்ட் விலையில் வந்ததால், கைக்கு வந்தது 8.77-ஐவிடச் சற்றே குறைந்து 8.5 லட்சத்தை ஒட்டி நின்றது. மேலே சொன்ன 8.77, ஃபார்வர்ட் இல்லாமல் பிரிவின் விளைவை மட்டும் காட்டுகிற எண். இரண்டும் சேர்ந்து வந்த அந்த எட்டரை லட்சமும் கொட்டேஷன் போட்டபோது எதிர்பார்த்ததைவிடக் குறையவில்லை.